சென்னைக்குப் போன நூறு மூட்டை வத்தல்

(அனுப்பீட்டுக் கணக்குகள் குறித்து ஒரு கல்லூரியின் வணிகவியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கன்சைன்மென்ட் என்று கடைத்தெருவிலும், அனுப்பீடு என்று பாடப்புத்தகத்திலும் சொல்லப்படும் வணிகமுறைக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்பதே இன்று நான் பேச வந்தது. முழு அத்தியாயத்தையும் நடத்தப் போவதில்லை. ஒரே ஒரு லாரிச் சரக்கை எடுத்துக்கொண்டு, அது விருதுநகரில் ஏற்றப்பட்டது முதல் ஆண்டுக் கடைசியில் விற்காமல் மிஞ்சியது வரை பின்தொடர்ந்து போவோம். தொகைகள் இந்தப் பேச்சுக்காக நான் அமைத்துக்கொண்டவை. நடைமுறை மட்டும் வத்தல் வணிகத்தில் அன்றாடம் நடப்பதுதான்.

விருதுநகரில் ஒரு மொத்த வணிகர் இருக்கிறார். சம்பா மிளகாய் வத்தல் 100 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ, ஆக 4,000 கிலோ வாங்கி வைத்திருக்கிறார். அடக்க விலை கிலோ 150 ரூபாய். மொத்தம் 6,00,000 ரூபாய். சென்னையில் இவருக்குக் கடை கிடையாது. அங்கே கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவர் உண்டு. அவர் பெயருக்குச் சரக்கை அனுப்புகிறார். லாரி வாடகை, ஏற்றுகூலி, வழிக் காப்பீடு மூன்றும் சேர்த்து 20,000 ரூபாய் இவர் கையிலிருந்து போகிறது. சரக்கின் பேரில் முகவர் 2,00,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருக்கிறார்.

லாரி புறப்பட்டுவிட்டது. குடோன் காலியாகிவிட்டது. பணமும் ஓரளவு வந்துவிட்டது. இப்போது விற்பனை நடந்துவிட்டதா?

நடக்கவில்லை. இந்த ஒரு பதிலிலிருந்துதான் மற்ற பதிவுகள் எல்லாம் பிறக்கின்றன. சரக்கு இடம் மாறியிருக்கிறது, உடைமை மாறவில்லை. சென்னையில் யாரோ ஒரு மளிகைக்காரர் அந்த வத்தலை வாங்கும் நிமிடம் வரை அது விருதுநகர்க்காரரின் சொத்து. முகவர் கொடுத்த இரண்டு லட்சம் சரக்கின் விலை அல்ல. பின்னால் கழித்துக்கொள்ள வேண்டிய கடன். ஆகவே வணிகரின் பேரேட்டில் முகவர் அதுவரை கடனாளியே அல்ல. பார்க்கப்போனால், அந்த இரண்டு லட்சத்துக்கு வணிகர்தான் முகவருக்குக் கடன்பட்டவர்.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடு அல்ல. முகவர் நொடித்துப்போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாக இருந்தால் விருதுநகர்க்காரர் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று, ரூபாய்க்கு இத்தனை பைசா என்று கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அனுப்பீடாக இருந்தால், விற்காமல் குடோனில் கிடக்கும் மூட்டைகள் தம்முடையவை என்று கேட்டு எடுத்துக்கொள்ளலாம். முகவர் தமக்கு வர வேண்டிய கமிஷனுக்கும் செலவுக்கும் சரக்கை நிறுத்திவைக்க 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 221ஆம் பிரிவு தரும் உரிமைக்கு இது உட்பட்டது. மறுபக்கமும் இருக்கிறது. குடோனில் தீப்பிடித்தால், முகவரின் கவனக்குறைவு இல்லாத வரை, எரிந்தது விருதுநகர்க்காரரின் பணம். உடைமை யாரிடமோ ஆபத்தும் அவரிடம்.

அதனால்தான் சரக்கு அனுப்பியதை விற்பனைக் கணக்கில் வரவு வைப்பதில்லை. அனுப்பீட்டுக் கணக்கு என்று தனியாக ஒன்று திறந்து, 6,00,000 ரூபாயை அதில் பற்று எழுதி, அனுப்பீட்டில் சென்ற சரக்கு என்ற கணக்கில் வரவு வைக்கிறோம். செலவான 20,000 ரூபாயையும் அனுப்பீட்டுக் கணக்கிலேயே பற்று எழுதுகிறோம். முன்பணத்துக்கு ரொக்கத்தைப் பற்று எழுதி, முகவரின் பெயரில் வரவு வைக்கிறோம். ஒவ்வோர் அனுப்பீட்டுக்கும் தனிக் கணக்கு வைப்பது பழைய வழக்கம். 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி வெளியிட்ட நூலின் கணக்குப் பகுதியிலேயே, கடல் கடந்து போகும் சரக்குக்கு அந்தப் பயணத்தின் பெயரால் தனிக் கணக்கு திறக்கும் முறை இருக்கிறது. எந்த ஊருக்கு, எந்த முகவரிடம் அனுப்பியதில் காசு தங்கியது, எதில் போயிற்று என்று தெரிய வேறு வழி இல்லை. எல்லா ஊர்ச் சரக்கையும் ஒரே கணக்கில் கலந்து எழுதும் கடைகளில், நட்டம் தரும் முகவர் பல ஆண்டுகள் லாபம் தரும் முகவரின் நிழலிலேயே ஓட்டிவிடுவார்.

முகவரின் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சரக்கு வந்ததற்கு அவர் பேரேட்டில் ஒரு பதிவும் போடக் கூடாது. சரக்குப் பதிவேட்டில் மூட்டை எண்ணிக்கையும் எடையும் குறித்துக்கொண்டால் போதும். அது அவருடைய சரக்கு அல்லவே. தாம் செய்த செலவு, விற்ற தொகை, எடுத்துக்கொண்ட கமிஷன், கொடுத்த முன்பணம் இவை மட்டும்தான் அவர் ஏட்டில் வரும்.

இனி லாரியோடு போவோம். விடிகாலையில் போன் வருகிறது.

"அண்ணாச்சி, சரக்கு வந்து எறங்கிருச்சு. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிஞ்சு போயிருக்கு. வழியில மழை போல. அஞ்சு மூட்டை தொப்பலா நனைஞ்சு கருத்துப் போச்சு, விக்க முடியாது."

"மத்ததெல்லாம் நல்லா இருக்கா?"

"மத்தது நல்லாருக்கு அண்ணாச்சி. எடை போட்டுட்டுச் சொல்றேன்."

எடை போட்டபின் இன்னொரு செய்தி. மீதி 95 மூட்டையில் 3,800 கிலோ இருக்க வேண்டும். முள் 3,700 கிலோதான் காட்டுகிறது. நூறு கிலோ குறைகிறது. மூட்டை எதுவும் பிரிந்திருக்கவில்லை. வத்தல் காய்ந்து எடை குறைந்திருக்கிறது என்கிறார் முகவர். இறக்குகூலி, குடோனுக்குக் கொண்டுபோன வண்டிச் செலவு இரண்டுக்கும் அவர் 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

ஒரே லாரியில் இரண்டு இழப்புகள். ஒன்று நனைந்த 200 கிலோ, மற்றது காய்ந்த 100 கிலோ. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும். என் அனுபவத்தில் அனுப்பீட்டுக் கணக்கில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதனால் இங்கே சற்று நேரம் நின்று பேச விரும்புகிறேன்.

வத்தல் காய்வது அதன் இயல்பு. யார் அனுப்பினாலும், எவ்வளவு கவனமாக அனுப்பினாலும் காயும். அந்தக் குறைவு இல்லாமல் விற்பனைக்குரிய வத்தல் சென்னை வந்து சேராது. ஆகவே அது நட்டம் என்று தனியே எழுதப்படுவதில்லை. மிஞ்சிய நல்ல வத்தலின் அடக்க விலையில் ஏறிவிடுகிறது. இதற்குக் குறிப்பேட்டில் பதிவே கிடையாது. கிலோ விலை கணக்கிடும்போது வகுக்கும் எண்ணைக் குறைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதை இயல்பு இழப்பு என்கிறோம்.

தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கியது அப்படியல்ல. அது விபத்து. அதற்கும் வத்தல் விற்பனைக்கும் சம்பந்தம் இல்லை. அதன் சுமையை மிஞ்சிய வத்தலின் மேல் ஏற்றினால், நல்ல சரக்கின் அடக்கம் பொய்யாக உயரும். சென்னை விற்பனை லாபம் தந்ததா என்பதே தெரியாமல் போகும். எனவே இந்த இழப்பை மதிப்பிட்டு அனுப்பீட்டுக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். இது அசாதாரண இழப்பு.

எந்த விலையில் எடுப்பது? மூட்டைகள் நனைந்தது வழியில். அந்த நேரம் வரை அவற்றின் மேல் ஏறியிருந்தது கொள்முதல் விலையும் வணிகர் செய்த செலவும் மட்டும்தான். 6,00,000 ரூபாயும் 20,000 ரூபாயும் சேர்ந்து 6,20,000 ரூபாய். அதை 4,000 கிலோவால் வகுத்தால் கிலோ 155 ரூபாய். நனைந்த 200 கிலோவின் மதிப்பு 31,000 ரூபாய். முகவர் சென்னையில் கொடுத்த 3,000 ரூபாயில் இதற்குப் பங்கு கிடையாது. நல்ல சரக்கை விற்பனைக்குக் கொண்டுசேர்க்க ஆன செலவு அது. சேதம் குடோனில் நடந்திருந்தால் அந்தச் செலவிலும் பங்கு சேர்த்திருப்போம். இழப்பு எந்த இடத்தில் நடந்தது என்று முதலில் கேளுங்கள். அந்த இடம் வரை ஏறிய செலவு என்ன என்று அடுத்துக் கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

31,000 ரூபாயை அனுப்பீட்டுக் கணக்கில் வரவு வைத்து, அசாதாரண இழப்புக் கணக்கில் பற்று எழுதுகிறோம். காப்பீட்டு நிறுவனம் 25,000 ரூபாய்க்கு உரிமைக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது என்போம். மீதி 6,000 ரூபாய் இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. முகவரின் மேலும் அது விழாது, சென்னை அனுப்பீட்டின் மேலும் விழாது. பட்டியல் போடும் அவசரத்தில் சிலர் 31,000 ரூபாயை விட்டுவிட்டு, காப்பீட்டுத் தொகையை மட்டும் அனுப்பீட்டில் வரவு வைக்கிறார்கள். அப்போது 6,000 ரூபாய் சத்தமில்லாமல் சென்னைக் கணக்கில் தங்கிவிடுகிறது.

இப்போது மிஞ்சியதன் அடக்கம். 6,20,000 ரூபாயில் 31,000 ரூபாய் போக 5,89,000 ரூபாய். முகவரின் இறக்குகூலியும் வண்டியும் 3,000 ரூபாய் சேர்த்து 5,92,000 ரூபாய். இதை 3,800ஆல் வகுக்கக் கூடாது; கையில் உண்மையில் இருக்கும் 3,700ஆல் வகுக்க வேண்டும். கிலோ 160 ரூபாய் வருகிறது. விருதுநகரில் 150 ரூபாயாக இருந்த வத்தல், சென்னைக் குடோனில் 160 ரூபாய் வத்தலாக இறங்கியிருக்கிறது.

அந்த நூறு கிலோ குறைவு உண்மையிலேயே காய்ந்ததால்தானா? இந்தக் கேள்வியைக் கேட்காத வணிகரும் தணிக்கையாளரும் ஆண்டுதோறும் பணம் இழக்கிறார்கள். இயல்பு இழப்பு என்ற தலைப்புக்குப் பதிவு இல்லை என்பதே அதன் ஆபத்து. எங்கேயும் ஒரு தொகையாக எழுந்து நின்று கண்ணில் படாது. களவு போனதையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம்.

வத்தலைப் பொறுத்தவரை சோதிக்க வழி இருக்கிறது. காயும்போது போவது நீர் மட்டும். காயின் உலர்ந்த பொருள் போகாது. ஏற்றும்போது வத்தலில் 13 சதவீதம் ஈரப்பதம் என்று ஈரமானி காட்டியிருந்தால், 3,800 கிலோவில் 494 கிலோ நீர், 3,306 கிலோ உலர்ந்த பொருள். நூறு கிலோவும் நீராகவே போயிருந்தால் நீர் 394 கிலோவாகக் குறைந்திருக்க வேண்டும். அதாவது 3,700 கிலோ வத்தலில் ஈரப்பதம் 10.6 அல்லது 10.7 சதவீதம் இருக்க வேண்டும். சென்னையில் குத்தூசியால் பல மூட்டைகளிலிருந்து எடுத்த சாம்பிளில் அந்த அளவே வந்தால் முகவர் சொல்வது சரி. மாறாக 12.5 சதவீதம் வருகிறது என்றால், 3,306 கிலோ உலர்ந்த பொருளுக்கு வத்தலின் எடை சுமார் 3,778 கிலோ இருந்திருக்க வேண்டும். காய்ந்ததால் குறைந்தது 22 கிலோதான். மற்ற 78 கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அந்த 78 கிலோ அசாதாரண இழப்பு. யார் பொறுப்பில் இருந்தபோது போனது என்று பார்த்து அவரிடம் கேட்க வேண்டியது.

ஈரமானி இல்லாத கடையிலும் ஒன்று செய்யலாம். மூட்டை வாரியாக எடை எழுதி வாங்குங்கள். காய்ந்து குறைந்த எடை எல்லா மூட்டையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருக்கும். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ என்று இருக்கும். எண்பது மூட்டை முழு எடையும் பதினைந்து மூட்டை ஆறு கிலோ குறைவுமாக இருந்தால், அங்கே வெயில் வேலை செய்யவில்லை.

முகவர் விற்கத் தொடங்குகிறார். 2,000 கிலோவைக் கிலோ 190 ரூபாய்க்கு ரொக்கமாக விற்கிறார்; 3,80,000 ரூபாய். இன்னொரு 1,000 கிலோவைக் கிலோ 200 ரூபாய்க்குக் கடனாகக் கொடுக்கிறார், 2,00,000 ரூபாய். மொத்த விற்பனை 5,80,000 ரூபாய். குடோன் வாடகைக்கும் விற்பனைச் சில்லறைச் செலவுக்கும் 5,000 ரூபாய் ஆகிறது. கமிஷன் விற்பனையில் 5 சதவீதம், 29,000 ரூபாய். இதற்கு மேல் 2 சதவீதம், 11,600 ரூபாய், கடன் பொறுப்புக் கமிஷன். பாடப்புத்தகம் இதை டெல் கிரெடரே கமிஷன் என்று சொல்லும்.

இந்த இரண்டாவது கமிஷன் எதற்கு? சென்னையில் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று விருதுநகர்க்காரருக்குத் தெரியாது, முகவருக்குத் தெரியும். கடன் வாங்கியவர் கொடுக்காவிட்டால் நானே கொடுக்கிறேன் என்று முகவர் ஏற்பதற்கான கூலி அது. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் மொத்த விற்பனையின் மேலும் இதைக் கணக்கிடுவது வழக்கம். கடன் விற்பனைக்கு மட்டும் என்று வேண்டுமானால் முன்னதாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்கிய ஒரு கடைக்காரர் 15,000 ரூபாய் கொடுக்காமலே கடையை மூடிவிட்டார் என்று வைப்போம். விருதுநகர்ப் பேரேட்டில் இந்த 15,000 வரவே வராது. அது முகவரின் நட்டம். அவர் வாங்கியது 11,600 ரூபாய், இழந்தது 15,000 ரூபாய். 3,400 ரூபாய் கையைக் கடித்திருக்கிறது. பொறுப்புக் கமிஷன் இல்லாத ஒப்பந்தமாக இருந்திருந்தால் வணிகருக்கு 11,600 ரூபாய் மிஞ்சியிருக்கும், 15,000 ரூபாய் வாராக்கடனாகியிருக்கும். இந்த அனுப்பீட்டில் அந்தக் கமிஷன் அவருக்கு 3,400 ரூபாய் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. எல்லாக் கடனும் திரும்பி வந்த ஆண்டுகளில் இதே 2 சதவீதம் வீண் செலவு போலத் தெரியும். பல ஆண்டு வாராக்கடன்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

மாதக் கடைசியில் முகவர் விற்பனை அறிக்கை அனுப்புகிறார். என்ன விலைக்கு எவ்வளவு விற்றது, என்ன செலவு, எவ்வளவு கமிஷன், முன்பணம் கழித்து எவ்வளவு தர வேண்டும் என்று அதில் இருக்கும். 5,80,000 ரூபாயில் அவருடைய செலவு 3,000 ரூபாயும் 5,000 ரூபாயும் சேர்ந்து 8,000 ரூபாய், கமிஷன் இரண்டும் 40,600 ரூபாய், முன்பணம் 2,00,000 ரூபாய். இவை போக 3,31,400 ரூபாய் அவர் அனுப்ப வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, கேட்டபோது சரியான கணக்குத் தருவதை முகவரின் கடமையாக வைத்திருக்கிறது. கேட்பது நம் உரிமை. ஆண்டு முடிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். தேதியோடு சேர்த்துப் பாருங்கள். விலை ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், ஏறுவதற்கு முந்தைய தேதியிட்ட விற்பனை அதிகமாக இருந்தால், முகவர் பழைய விலையில் தாமே எடுத்துக்கொண்டு புதிய விலையில் விற்றிருக்கக்கூடும். அவருடைய விற்பனைப் பட்டியல் நகல்களை வரிசை எண்ணோடு கேட்டு வாங்கினால் இது வெளியே வந்துவிடும்.

விற்காமல் மிஞ்சியது 700 கிலோ. மார்ச் 31 வந்துவிட்டது. இந்த 700 கிலோவுக்கு என்ன மதிப்பு?

கிலோ 160 ரூபாய் வீதம் 1,12,000 ரூபாய். விருதுநகரில் வாங்கிய 150 ரூபாயில் மதிப்பிட்டு 1,05,000 ரூபாய் என்று எழுதினால், சரக்கோடு சேர்ந்து சென்னைக்குப் போன செலவு முழுவதும் விற்ற வத்தலின் தலையில் விழும். இந்த ஆண்டு லாபம் 7,000 ரூபாய் குறையும். மறுபக்கம், முகவரின் குடோன் வாடகையும் கமிஷனும் செலவுதானே என்று அவற்றையும் 700 கிலோவில் ஏற்றுபவர்கள் உண்டு. அதுவும் தவறு. சரக்கை விற்கும் இடத்துக்கு, விற்கும் நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு சரக்கின் மேல் ஏறும். அங்கே வந்து சேர்ந்தபின் வைத்திருக்கவும் விற்கவும் ஆகும் செலவு அந்தந்தக் காலத்தின் செலவாகக் கழிந்துவிடும். லாரி வாடகை முதல் வகை. குடோன் வாடகை இரண்டாம் வகை. விற்காத வத்தலுக்குக் கமிஷன் என்ற ஒன்றே இன்னும் பிறக்கவில்லை.

அனுப்பீட்டுக் கணக்கை இனி முடித்துவிடலாம். பற்றுப் பக்கத்தில் சரக்கு 6,00,000 ரூபாய், வணிகரின் செலவு 20,000 ரூபாய், முகவரின் செலவு 8,000 ரூபாய், கமிஷன் 40,600 ரூபாய். கூட்டினால் 6,68,600 ரூபாய். வரவுப் பக்கத்தில் விற்பனை 5,80,000 ரூபாய், அசாதாரண இழப்பு 31,000 ரூபாய், கையிருப்பு 1,12,000 ரூபாய். கூட்டினால் 7,23,000 ரூபாய். வித்தியாசம் 54,400 ரூபாய் இந்த அனுப்பீட்டின் லாபம். சரிபார்க்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். விற்ற 3,000 கிலோவின் அடக்கம் 160 ரூபாய் வீதம் 4,80,000 ரூபாய். விற்பனையில் அது போக ஒரு லட்சம். அதில் வாடகைச் செலவு 5,000 ரூபாயும் கமிஷன் 40,600 ரூபாயும் கழித்தால் அதே 54,400 ரூபாய். இரண்டு வழியிலும் ஒரே தொகை வராவிட்டால், இழப்பிலோ கையிருப்பிலோ பிழை இருக்கிறது என்று பொருள்.

கையிருப்பு மதிப்பில் இன்னொரு படியும் உண்டு, தேர்வுத்தாளில் பெரும்பாலும் விட்டுப்போவது. ஆண்டு முடிவில் சென்னையில் வத்தல் விலை கிலோ 150 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்போம். விற்றால் 7 சதவீதக் கமிஷன் போக 139 ரூபாய் 50 பைசாதான் கைக்கு வரும். அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் தொகை இரண்டில் எது குறைவோ அதையே கையிருப்புக்கு வைக்க வேண்டும். அப்போது 700 கிலோவின் மதிப்பு 97,650 ரூபாய்; லாபத்தில் 14,350 ரூபாய் குறைந்துவிடும். விருதுநகர் விலையைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. சரக்கு இருப்பது சென்னையில், விற்கப்போவதும் அங்கேதான்.

சில வணிகர்கள் தம் அடக்க விலையை முகவருக்குக் காட்ட விரும்புவதில்லை. கிலோ 180 ரூபாய் என்று உயர்த்திய விலையில் பட்டியல் போட்டு அனுப்புவார்கள். 4,000 கிலோவுக்கு 7,20,000 ரூபாய். இந்த விலையிலேயே கணக்கு எழுதலாம், தவறில்லை. ஆனால் கூட்டிய 1,20,000 ரூபாயை எதிர்ப்பதிவு போட்டு நீக்க வேண்டும். கையிருப்பில் ஒளிந்திருக்கும் உயர்த்திய பகுதிக்கு ஒதுக்கு வைக்க வேண்டும். அதைச் செய்யாத கணக்கு, வத்தல் குடோனை விட்டுப் புறப்பட்ட அன்றே ஒரு லட்சத்து இருபதாயிரம் லாபம் காட்டும். அந்தக் கணக்கை நம்பி வங்கி கடன் கொடுக்கும், பங்காளிகள் லாபம் பிரித்துக்கொள்வார்கள். யாரும் இன்னும் ஒரு கிலோ கூட வாங்கியிருக்க மாட்டார்கள். இந்திய கணக்குத் தரநிலை 9 இதற்காகத்தான், அனுப்பீட்டில் சென்ற சரக்கு மூன்றாம் ஆளுக்கு விற்கப்படும் வரை வருவாயாகக் கருதக் கூடாது என்று சொல்கிறது.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இங்கே கணக்கும் வரியும் வேறு வேறு பாதையில் போகின்றன. 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் முதல் அட்டவணை, மூன்றாம் பத்தி, உரிமையாளர் தம் சார்பில் விற்பதற்காக முகவருக்கு அனுப்பும் சரக்கை, பணம் கைமாறாவிட்டாலும் வழங்கலாகவே கொள்கிறது. முகவர் தம் பெயரில் வாங்குபவருக்குப் பட்டியல் போடுகிறாரா, உரிமையாளரின் பெயரில் போடுகிறாரா என்பதே அளவுகோல் என்று 2018 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை விளக்கியது. தம் பெயரில் போட்டால் இந்தப் பத்தி பொருந்தும். அப்போது சரக்கு அனுப்பும்போதே வணிகர் வரிப்பட்டியல் போட வேண்டும். மதிப்பாகச் சந்தை விலையை எடுக்கலாம். அல்லது அதே வகைச் சரக்கை முகவர் விற்கும் விலையில் 90 சதவீதத்தை எடுக்கலாம். வரிக்காகப் போட்ட இந்தப் பட்டியலைப் பார்த்து, கணினியில் கணக்கு எழுதுபவர் அதை விற்பனை என்றே பதிந்துவிடுகிறார். மென்பொருளும் தடுப்பதில்லை. இன்று சிறிய கடைகளில் அனுப்பீடு விற்பனையாக மாறிப்போவதற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுதான். வரி விவரத்தில் காட்டிய தொகையும் இலாப நட்டக் கணக்கின் விற்பனையும் அனுப்பீட்டு வணிகத்தில் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு சமன்செய் பட்டியல் வைத்துக்கொள்வதே முறை.

இந்த அவையில் தணிக்கைத் தொழிலுக்குப் போக இருக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பீட்டு வணிகம் செய்யும் கடையின் கணக்கு உங்கள் மேசைக்கு வந்தால், முகவரின் கையிருப்பைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். மார்ச் 31ஆம் தேதியிட்டு, மூட்டை எண்ணிக்கையும் எடையும் குறித்து, முகவர் கையெழுத்திட்ட சான்று வாங்குங்கள். முடிந்தால் அந்தக் குடோனுக்கே போய், 700 கிலோவையும் கண்ணால் பார்த்து, நிறுத்து எழுதி வாருங்கள்.